மடுவத்துக் கெமரா எதைப் பார்க்கிறது?

(இரத்தினபுரியில் தோட்ட இளைஞர்களும் தொழிற்சாலை ஊழியர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கெமரா பூட்டுவது என் தொழில். சப்ரகமுவத் தோட்டங்களில் எந்தப் பக்கம் போனாலும் என்னிடம் வரும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். பலாங்கொடை, இறக்குவானைப் பக்கம் கொழுந்து எடுப்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் பால் வெட்டுகிறவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். “அண்ணே, மடுவத்தில ஒரு கெமரா பூட்டியிருக்காங்க. அது தராசைப் பாக்குதா, எங்களைப் பாக்குதா?”

நல்ல கேள்வி. நாட்சம்பளம் கிலோக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும் இடத்தில் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இதற்குப் பதில் சொல்ல ஏணி வேண்டாம், அலுவலகக் கணினியும் வேண்டாம். கீழே நின்றபடி, பூட்டியிருக்கும் பொருளைப் பார்க்கத் தெரிந்தால் முக்கால்வாசிப் பதில் கிடைத்துவிடும். அந்தப் பார்க்கும் முறையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கெமராவில் டோம், புல்லட், பொக்ஸ் என்று மூன்று பெயர்கள் உங்கள் காதில் விழுந்திருக்கும். கெமராவைப் பார்த்தவுடனே எல்லோரும் உருவத்தைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் பார்ப்பது அதைத் தாங்கி நிற்கும் கையை. காரணம் இருக்கிறது. உருவம் பல சமயம் கடையில் தீர்மானமாகிறது. அவிசாவளைக் கடையில் அன்றைக்குப் புல்லட்தான் கையிருப்பில் இருந்தது என்றால் தோட்டத்துக்கும் புல்லட்தான் வரும். ஆனால் அதை எந்த மரத்தில், எந்த உயரத்தில், எந்தப் பக்கம் திருப்பிப் பூட்டுவது என்பது அந்த இடத்தில் நின்று யோசித்தவர் செய்த முடிவு. எதற்காகப் பூட்டினார்கள் என்பதை அந்த முடிவு காட்டிக்கொடுக்கும்.

எங்கள் பக்கத்துக் கட்டடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மடுவம் என்றால் நான்கு பக்கமும் திறந்த தகரக் கூரை, மரக் கைமரம் அல்லது இரும்புக் குழாய்த் தூண். அங்கே சுவர் இல்லை, சீலிங்கும் இல்லை. கைமரத்தின் பக்கத்தில் திருகிய சிறு கையில் கெமரா நீட்டிக்கொண்டு நின்றால், ஒரு குறிப்பிட்ட திசையைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தே அதை வைத்திருக்கிறார்கள். தொழிற்சாலை அலுவலகத்தில் கதையே வேறு. தட்டையான சீலிங்கின் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் கெமரா, அறை முழுவதையும் பொதுவாகப் பார்க்க வைத்தது. கேட்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில் இரும்புப் பட்டியால் கட்டிய தகட்டில் இருந்தால், வருகிற போகிற வாகனத்துக்கு. கட்டடத்தின் மூலையில் இரண்டு சுவருக்கும் பொருந்தும்படி மடித்த தகட்டில் இருந்தால், இரண்டு பக்கச் சுவர் ஓரத்தையும் ஒரே கெமராவால் சமாளிக்கப் பார்த்திருக்கிறார்கள். சுவரிலிருந்து வெளியே வந்து வாத்தின் கழுத்து மாதிரி வளைந்து கீழே தொங்கும் கை இருந்தால், பெரும்பாலும் அதன் நுனியில் இருப்பது திரும்பும் கெமரா.

உயரத்தையும் பாருங்கள். இரண்டரை மூன்று மீற்றரில் இருக்கும் கெமராவுக்கு முகம் கிடைக்கும். ஐந்து ஆறு மீற்றரில் இருக்கும் கெமராவுக்குக் கிட்ட வருபவரின் தலைமுடியும் தொப்பியும்தான் கிடைக்கும். “திருடன் கைக்கு எட்டக்கூடாது” என்று கூரை முகட்டில் ஏற்றிவிட்டு, பிறகு படத்தில் ஆளைத் தெரியவில்லை என்று சொல்லும் தோட்டங்கள் நிறைய. உயரே வைத்த கெமரா ஆள் நடமாட்டத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது.

இனி வயர். கெமராவின் பின்னால் ஒரு வால் வரும். அந்த வாலின் இணைப்புகள் வட்டமான சிறு பெட்டிக்குள் மறைந்திருந்தால் பூட்டியவர் வேலை தெரிந்தவர். இன்சுலேஷன் டேப் சுற்றி வெளியே தொங்கினால், அடுத்த பெருமழை வரைக்கும்தான் அதன் ஆயுள். கெமரா உடம்பில் ஐ.பி. 66 என்றோ 67 என்றோ எழுதியிருக்கும். 66 என்றால் பலமாகப் பீச்சும் தண்ணீரைத் தாங்கும். 67 என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் போகாது. அந்தச் சான்றிதழ் உடம்புக்கு மட்டும்தான், வாலில் இருக்கும் இணைப்புக்கு இல்லை. வயர் கூரைக்குள் நுழையும் இடத்தில் ஒரு தொங்கல் விட்டு, கீழிருந்து மேலே ஏறி நுழைய வேண்டும். அப்போது மழைநீர் தொங்கலின் அடியில் சொட்டிவிடும். தொங்கல் இல்லாமல் மேலிருந்து கீழாக நேரே நுழைந்தால் நீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்து போகும். இரத்தினபுரி மழையில் நான் கழற்றிய பழுதான கெமராக்களில் பலவற்றின் உடம்பு நன்றாகவே இருந்தது. பச்சை பிடித்துப் போயிருந்தது இணைப்பு.

இறப்பர்ப் பால் ஸ்டோரில் இந்தப் பச்சை இன்னும் சீக்கிரம் வரும். பால் கட்டியாகாமல் இருக்க அமோனியா கலக்கிறோம் அல்லவா? அமோனியாக் காற்று செம்பையும் பித்தளையையும் அரிக்கும். கெமரா இணைப்புகளில் இருப்பது அந்த உலோகங்கள்தான். அதனால் பால் ஸ்டோரில் கெமராவை உள்ளே பூட்டினாலும் இணைப்புப் பெட்டியை வெளிச்சுவரில் வைப்பது நல்லது. வெளிச்சுவரில் தனியாக ஒரு பெட்டி மட்டும் தெரிந்து, அதிலிருந்து வயர் உள்ளே போனால், ஓரளவு விஷயம் தெரிந்தவர் பூட்டியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கையைப் பார்த்தாயிற்று. இனி உருவம்.

புல்லட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். நீண்ட உருளை, முன்னால் வட்டக் கண்ணாடி, மேலே மழைக்கும் வெயிலுக்கும் சிறு கூரை, பின்னால் மூன்று இடத்தில் மடங்கும் கை. மூக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்தைத்தான் பார்க்கும், அதில் ஒளிவு மறைவு இல்லை. தோட்டங்களில் வெளியே பூட்டியிருப்பதில் பெரும்பங்கு இதுதான். இதன் பலவீனமும் வெளியில் தெரியும்: கைக்கு எட்டினால் யாரும் மூக்கைத் திருப்பிவிடலாம், கம்பால் தட்டினாலே போதும். சில மடுவங்களில் கெமரா கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். காற்று திருப்பியது என்று சொல்வார்கள். திருகு இறுக்கமாக இருந்தால் காற்று அவ்வளவு கெட்டிக்காரத்தனம் செய்யாது.

புல்லட்டுக்குள்ளும் இரண்டு வகை உண்டு. கட்டையான, உள்ளங்கை நீளமே உள்ள புல்லட்டில் பெரும்பாலும் மாறாத லென்ஸ் இருக்கும். பருத்து நீண்ட புல்லட்டாக இருந்து, வயிற்றில் றப்பர் மூடி போட்ட இரண்டு சிறு துளைகள் தெரிந்தால், அது தூரத்தைக் கிட்டக் கொண்டுவரக்கூடிய லென்ஸ். ஒரு துளை பார்வையை அகலமாக்கவோ ஒடுக்கவோ, மற்றது தெளிவைச் சரிசெய்ய. விலை கூடியவற்றில் இதை மோட்டார் செய்வதால் துளை இருக்காது, ஆனால் பருமன் இருக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். மடுவக் கேள்விக்கு இதுதான் வேண்டும்.

டோம் என்பது தட்டையான அடித்தட்டின் மேல் கவிழ்த்த அரைக்கோளக் கண்ணாடி. கண்ணாடி என்று சொன்னாலும் அது பெரும்பாலும் பொலிகாபனேற். உள்ளே ஒரு சிறு கெமரா ஏதோ ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். கோளம் கறுப்புச் சாயம் பூசியதாக இருந்தால் எந்தப் பக்கம் என்று கீழே நிற்பவருக்குத் தெரியாது. இந்தத் தெரியாமைக்காகவே கடைக்காரர்கள் டோமை விரும்புவார்கள். ஆனால் எல்லாப் பக்கமும் பார்க்கிறது என்று நினைப்பது தவறு. சாதாரண டோமுக்குள் இருப்பது ஒரே ஒரு லென்ஸ், அது ஒரே ஒரு திசையைத்தான் பார்க்கும். கோளம் தெளிவாக இருந்தால் சரிவாக நின்று பாருங்கள், உள்ளே கறுப்பு வட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும். கறுப்புக் கோளமாக இருந்தால் கைத்தொலைபேசியின் டோர்ச் வெளிச்சத்தைக் காட்டினால் சிலவேளை தெரியும்.

டோமின் அடித்தட்டில் ஐ.கே. 10 என்று இருந்தால் அடிக்கு அஞ்சாதது. ஐந்து கிலோ எடையை நாற்பது சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து விட்டாலும் உடையாது என்பதே அதன் அளவுகோல். தாழ்ந்த சீலிங், ஆள் கை எட்டும் இடம், சம்பளம் கொடுக்கும் ஜன்னல் மாதிரியான இடங்களுக்கு அதைப் போடுவார்கள்.

ஆனால் எங்கள் ஊர்க் காற்றுக்கு டோம் அவ்வளவு ஒத்துவருவதில்லை. இரவில் கெமரா தன் சொந்த அகச்சிவப்பு வெளிச்சத்தில் பார்க்கிறது. டோமில் அந்த வெளிச்சமும் லென்ஸும் ஒரே கோளத்துக்குள் இருக்கின்றன. கோளத்தில் தூசு, விரல் ரேகை, பனித்துளி எது இருந்தாலும் வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்து லென்ஸுக்கே திரும்பி வரும். படம் முழுக்க வெண்புகை போட்டது போலாகிவிடும். இதைத் தடுக்க லென்ஸைச் சுற்றிக் கறுப்பு ஸ்பொன்ஜ் வளையம் ஒன்று இருக்கும். பூட்டும்போது கோளத்தை அவசரமாக மூடினால் அந்த வளையம் கோளத்தோடு சேராது. பகலில் படம் பளிச்சென்று, இரவில் மட்டும் புகை என்றால், முதலில் கோளத்தை மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள், பிறகு வளையத்தைப் பாருங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் அரிக்கும் அறையில் பறக்கும் பஞ்சும், இறப்பர் புகைக்கூட்டின் கரியும் டோமுக்குப் பரம விரோதிகள். காலையில் மட்டும் கோளத்தின் உட்பக்கம் ஈரம் படிந்து, வெயில் ஏற மறைந்தால், றப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, வாஷரை மாற்றி மூட வேண்டும்.

டோம் என்று நீங்கள் நினைக்கும் பலவும் டோமே இல்லை. கடைகளில் அதையும் டோம் என்றே விற்பார்கள், அதனால் குழப்பம் உங்களுடைய குற்றமில்லை. குழிக்குள் உட்காரவைத்த ஒரு பந்து, அதன் முகத்தில் தட்டைக் கண்ணாடி, ஒரு கண் மாதிரி தெரியும். மேலே கோள மூடி கிடையாது. இதற்கு டரட் என்று பெயர். அடையாளம் சுலபம்: பளபளக்கும் கோளம் இருந்தால் டோம், முழிக்கும் கண் இருந்தால் டரட். டரட்டில் அகச்சிவப்பு விளக்கும் லென்ஸும் வெவ்வேறாகத் தடுக்கப்பட்டிருப்பதால் இரவுப் புகை குறைவு. என்னிடம் கேட்டால் இந்த மாவட்டங்களில் கூரை ஓரத்துக்கு டோமைவிட டரட்டையே சொல்வேன்.

பொக்ஸ் கெமரா இப்போது அரிது. ஆனாலும் பழைய வங்கிக் கிளையிலோ பழைய தொழிற்சாலையிலோ கண்ணில் படும். செவ்வகப் பெட்டி, அதன் முன்னால் தனியாகத் திருகிப் பூட்டிய லென்ஸ். முற்காலத்துக் கெமராக்களில் படம் பிடித்தது நீண்ட வெற்றிடக் குழாய் ஒன்று. அந்தக் குழாயின் நீளத்துக்கு ஏற்ற பெட்டியாக இருந்ததால் கெமரா பெட்டி வடிவம் எடுத்தது. குழாய் போய்ச் சில்லு வந்த பிறகும் வடிவம் நின்றுவிட்டது, ஏனென்றால் லென்ஸை வேண்டியபடி மாற்றலாம். அந்த லென்ஸில் சீ, சீ.எஸ். என்று இரண்டு திருகு முறை உண்டு. இரண்டுக்கும் ஐந்து மில்லிமீற்றர்தான் வித்தியாசம். சீ லென்ஸைச் சீ.எஸ். கெமராவில் பூட்டும்போது ஐந்து மில்லிமீற்றர் வளையம் இடையில் போடாவிட்டால், எவ்வளவு திருப்பினாலும் படம் தெளியாது.

பொக்ஸ் கெமரா தனியாக மழையைத் தாங்காது. வெளியே வைத்தால் அதைச் சுற்றி ஒரு கூடு வேண்டும். அந்தக் கூட்டைப் பலர் பெரிய புல்லட் என்று நினைத்துவிடுகிறார்கள். வித்தியாசம் இதுதான்: புல்லட்டுக்கு உடம்பே கூடு. பொக்ஸ் கூட்டில் பக்கவாட்டில் திறக்கும் மூட்டும் கொக்கியும் இருக்கும், முகத்தில் தட்டைக் கண்ணாடி இருக்கும், அந்தக் கண்ணாடிக்கு ஓரிரு அங்குலம் பின்னால் லென்ஸ் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும். லென்ஸைச் சுற்றி விளக்குப் பொட்டுகள் இருக்காது. இரவுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் பக்கத்தில் தனி விளக்கு ஒன்று பூட்டியிருப்பார்கள். பழைய கறுப்புக் கோஎக்ஸ் வயரைப் பார்த்து இது செத்த கெமரா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்றைய உயர்தெளிவுப் படங்களும் அதே வயரில் ஓடுகின்றன.

திரும்பும் கெமராவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண டோம் ஒரு சிரட்டை அளவு. திரும்பும் டோம் அதைவிடப் பெரிது, கையிலிருந்து தொங்கும், அடிப்பாதி இருண்டிருக்கும். அது இப்போது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அந்த நிமிடத்துக்கு மட்டுமே உண்மை. அண்மையில் தோட்டங்களில் சூரியத் தகட்டோடும் இரண்டு அன்டெனாக் காதுகளோடும் வந்திருக்கிறதே, சிம் போட்டு ஓடுகிற சின்னக் கெமரா, அதிலும் பல திரும்பக்கூடியவை. உருவம் சிறியது என்று ஏமாற வேண்டாம்.

இப்போது மடுவத்துக்கு வருவோம். நான் பார்த்த ஒரு மடுவத்தை வைத்தே கணக்குப் போடுகிறேன், தோட்டத்தின் பெயர் வேண்டாம். தகரக் கூரை, நடுவில் எண் ஒளிரும் தராசு. தராசின் எண் பலகை கணக்கு எழுதுபவரைப் பார்த்து இருக்கிறது. கொழுந்துச் சாக்கோடு வரும் பெண்கள் அவருக்கு எதிரே வரிசையில் நிற்கிறார்கள். கணக்கு எழுதுபவருக்குப் பின்னால், கைமரத்தில், ஏறக்குறைய மூன்று மீற்றர் உயரத்தில் ஒரு கட்டைப் புல்லட். மூக்கு தராசின் பக்கம். தராசுக்கும் அதற்கும் ஐந்து மீற்றர்.

முதல் பதிலைக் கையே சொல்லிவிட்டது. கெமரா கணக்கு எழுதுபவருக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே எண் பலகையும் பெண்களின் முகங்களும் அதன் பக்கம் திரும்பியிருக்கின்றன. இதே கெமரா வரிசைக்குப் பின்னால் இருந்திருந்தால் பெண்களின் முதுகும் கணக்கு எழுதுபவரின் முகமும் விழும், எண் பலகையின் பின்பக்கம்தான் விழும். எந்த லென்ஸ் போட்டாலும் அதை மாற்ற முடியாது.

அடுத்தது, எண் வாசிக்கும் அளவுக்குத் தெரியுமா? கட்டைப் புல்லட், துளை இல்லை. ஆகவே மாறாத லென்ஸ். கெமராவின் அடியில் ஒட்டிய சீட்டில் 2.8 மில்லிமீற்றர் என்று இருந்தது, இரண்டு மெகாபிக்சல். பெரும்பாலான சீட்டுகளில் இந்த எண் அச்சடித்திருக்கும். இந்த லென்ஸ், சாதாரணமாக அதோடு வரும் சில்லில், தூரத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலத்தைப் பார்க்கும். ஐந்து மீற்றர் தூரத்தில் பத்து மீற்றர் அகலம். இரண்டு மெகாபிக்சல் படத்தின் அகலத்தில் 1920 புள்ளிகள். 1920ஐப் பத்தால் வகுத்தால் ஒரு மீற்றருக்கு 192 புள்ளிகள்.

இந்த 192 எதற்குப் போதும்? சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது, 62676 என்று எண். அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ஒரு மீற்றருக்கு 25 புள்ளி இருந்தால் அங்கே ஆள் இருக்கிறது என்று தெரியும். 125 இருந்தால் ஏற்கனவே தெரிந்த ஆளை இன்னார் என்று சொல்லலாம். 250 இருந்தால்தான் தெரியாத ஆளையும் சந்தேகமின்றி அடையாளம் காணலாம். எங்கள் 192 நடுவில் நிற்கிறது. மடுவத்துக்கு வரும் பெண்களைக் கணக்கு எழுதுபவருக்கு ஏற்கனவே தெரியும். அதனால் யார் எப்போது தராசுக்கு வந்தார் என்பதற்கு இந்தப் படம் போதும்.

தராசின் எண்ணோ இரண்டரை சென்ரிமீற்றர் உயரம். அந்த உயரத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள் ஐந்துகூட இல்லை. ஐந்து புள்ளிக்குள் எட்டும் ஆறும் ஒன்றாகிவிடும். எண்ணை நம்பி வாசிக்க குறைந்தது பத்துப் பன்னிரண்டு புள்ளியாவது வேண்டும். ஆக, அந்த மடுவத்துக் கெமரா ஆளைப் பார்க்கிறது, எண்ணைப் பார்க்கவில்லை. “என் சாக்கு பதினெட்டு கிலோ, பதினாறு என்று எழுதினார்” என்று ஒருவர் முறைப்பாடு செய்தால் அந்தப் பதிவு அவருக்கும் உதவாது, தோட்டத்துக்கும் உதவாது.

அதே இடத்தில் 6 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்தால் அகலம் நாலரை மீற்றராகச் சுருங்கும், எண்ணுக்குப் பத்துப் புள்ளி சொச்சம். வாசிக்கலாம், வாசிக்க முடியாமலும் போகலாம். 12 மில்லிமீற்றராக இருந்தால் அகலம் இரண்டேகால் மீற்றர், எண்ணுக்கு இருபது புள்ளி, தெளிவாக வாசிக்கலாம். ஆனால் அப்போது படத்தில் தராசும் அதை ஒட்டி நிற்பவரும்தான் இருப்பார்கள், வரிசை இருக்காது. எல்லாவற்றையும் ஒரே கெமரா பார்க்கட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் பதில். தராசை உண்மையாகவே பார்க்க வைக்க வேண்டுமானால் பருத்த, துளையுள்ள புல்லட் ஒன்று தராசுக்கென்றே வேண்டும். ஆகவே மடுவத்தில் ஒரே ஒரு கட்டைப் புல்லட் மட்டும் இருந்து, தராசைக் கண்காணிக்கத்தான் வைத்தோம் என்று சொன்னால், சீட்டில் எத்தனை மில்லிமீற்றர் என்று மரியாதையாகக் கேளுங்கள்.

பின்னேரம் மங்கியதும் இன்னொரு சங்கதி சேரும். ஒளிரும் சிவப்பு எண்கள் இருட்டில் படத்தில் பொங்கிப்போய் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். பகலில் வாசிக்க முடிந்த எண் இரவில் முடியாமல் போவது இதனால்தான்.

கெமராக்களை இப்படிக் கீழே நின்று இனங்காண்பது நாங்கள் மட்டும் செய்கிற வேலை இல்லை. 2021இல் சர்வதேச மன்னிப்புச் சபை நியூயோர்க்கில் ஒரு முயற்சி செய்தது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தெருச் சந்திகளின் படங்களைக் கணினியில் பார்த்துக் கெமராக்களைக் குறித்தார்கள். மன்ஹாட்டன், புரூக்ளின், புரொங்ஸ் மூன்றிலும் சேர்த்து 15,280 கெமராக்கள் அகப்பட்டன. அவர்களிடம் கேட்கப்பட்டதும் இரண்டே விஷயந்தான்: என்ன உருவம், எதில் பூட்டியிருக்கிறது. தூரத்திலிருந்து அதற்கு மேல் யாராலும் நம்பிச் சொல்ல முடியாது.

ஓபன்ஸ்ட்ரீட்மெப் என்ற பொது வரைபடத்திலும் கெமராவைக் குறிக்கலாம். பிரட்டுக்களத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு புல்லட் தென்மேற்கைப் பார்த்து இருந்தால் இப்படி எழுதுவார்கள்:

```
man_made=surveillance
surveillance:type=camera
camera:type=fixed
camera:mount=wall
camera:direction=225
```

கவனியுங்கள், இங்கே புல்லட் என்றோ பொக்ஸ் என்றோ வார்த்தை இல்லை. இரண்டும் அசையாதவை என்ற ஒரே வகைக்குள் போய்விடுகின்றன. திரும்புவதற்கு `panning`, கோளத்துக்கு `dome`. வரைபடக்காரருக்கு வேண்டியது கெமரா எந்தப் பக்கம் பார்க்கிறது, திரும்புமா என்பவைதான். 225 என்பது வடக்கிலிருந்து வலப்பக்கமாக எண்ணிய பாகை. டோமுக்கு அந்த வரியை எழுத முடிவதில்லை, உள்ளே லென்ஸ் எந்தப் பக்கம் என்று தெரிந்தாலொழிய.

கேள்வி நேரத்துக்கு முன் போலிகளைப் பற்றி. இருட்டியதும் உண்மையான கெமராக்கள் பலவற்றின் முகத்தில் பொட்டுகள் மங்கலான சிவப்பாகக் கனலும். மினுக்காது, ஒரே சீராக இருக்கும். ஒரே ஒரு சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்று மினுக்கினால் அது பெரும்பாலும் பற்றரி போட்ட பொம்மை. வால் எங்கே போகிறது என்று பாருங்கள். பொம்மையின் வயர் கைக்குள் நுழைந்து அதோடு முடிந்துவிடும். சில கெமராக்களின் வெளிச்சம் கண்ணுக்கே தெரியாத 940 நானோமீற்றர். அதைக் கைத்தொலைபேசியின் முன்பக்கக் கெமரா வழியாகப் பாருங்கள், ஊதா கலந்த வெள்ளையாகத் தெரியக்கூடும். உண்மையான புல்லட்டின் முகத்தில் சிலந்தி வலை இருக்கும், வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். படத்தில் இரவெல்லாம் வெள்ளை நூல் ஆடுவது அதனால்தான். சீலிங்கில் ஒட்டிய வெள்ளைத் தட்டு எல்லாமே கெமராவும் இல்லை. சுற்றிலும் கீறல் துவாரங்கள் இருந்தால் புகை உணர்கருவி. கண்ணாடியே இல்லாமல் மொழுமொழுவென்று இருந்து ஒரு சிறு பச்சை விளக்கு எரிந்தால் பெரும்பாலும் வைஃபை பெட்டி.

உருவத்தை வைத்துச் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. கெமரா பேச்சைக் கேட்கிறதா என்பதுதான் அது. இப்போது வரும் பல புல்லட்டிலும் டரட்டிலும் குண்டூசித் துளை அளவுக்கு ஒரு மைக் இருக்கிறது. மூன்று மீற்றர் கீழே நின்று அது தெரியாது. தெரிந்தாலும் பதிவுப் பெட்டியில் அதைத் திறந்து வைத்திருக்கிறார்களா இல்லையா என்று சொல்ல முடியாது. அதற்குச் சீட்டில் உள்ள மொடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அலுவலகத்தில் போய் பதிவுப் பெட்டியின் திரையைக் காட்டச் சொல்லித்தான் கேட்க வேண்டும். சில பதிவுப் பெட்டிகளில், சத்தம் பதிவாகும் படத்தில் சிறு ஒலிபெருக்கிக் குறி ஒன்று இருக்கும்.